"குடவோலை பத்தி ஒரு கட்டுரை வேணும்"

கட்டுரை கேட்டு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தலைப்பு சொல்வார்கள், என்றைக்குள் வேண்டும் என்று சொல்வார்கள். "சார், குடவோலை பத்தி ஒரு கட்டுரை வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைச்சா நல்லாயிருக்கும்." அத்தோடு முடிந்தது. எவ்வளவு நீளம், யார் படிக்கப்போகிறார்கள், படித்தபின் என்ன நடக்கவேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்காது. கேட்பவர் மறைப்பதில்லை. அவர் மனத்தில் அந்த மூன்றும் இருக்கின்றன. தனக்குத் தெரிந்தது எதிராளிக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

விழா மலர்களுக்கும் சங்க ஆண்டறிக்கைகளுக்கும் மேடையில் வாசிக்கும் உரைகளுக்கும் எழுதிக் கொடுப்பது என் வேலை. இந்த வேலையில் எழுதுவதைவிட முக்கியமான பகுதி, எழுத உட்காரும் முன் நடக்கும் இரண்டு நிமிடத் தொலைபேசிப் பேச்சுதான் என்று நம்புகிறேன். அந்த இரண்டு நிமிடத்தில் எதைக் கேட்கவேண்டும், எதைக் கேட்கவே கூடாது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பொதுவாகப் பேசினால் விளங்காது. அதனால் அந்தக் குடவோலைக் கட்டுரையையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் தலைப்பின் சரக்கு எவ்வளவு என்று பார்த்துவிடலாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மற்றது 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற விதிகள் அவை. ஊர் 30 குடும்புகளாக, இன்றைய வார்டுகளைப் போல, பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். விரல் இடுக்கில் வேறோர் ஓலையை வைத்துக்கொண்டு மாற்றிவிடக் கூடாது என்பதற்காக என்று நினைக்கிறேன். அவன் வாசித்த பிறகு, அங்கிருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், எல்லோரும் அதே ஓலையை வாசிக்கவேண்டும். அப்படி வந்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். 360 நாள் பதவி. முடிந்ததும் இறங்கிவிடவேண்டும்.

இதில் தகுதி விதிகள் இருக்கின்றன: 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல் 70க்குள், கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. விலக்கு விதிகள் இருக்கின்றன. முந்தைய விதியில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது ஏன் இரண்டே ஆண்டில் மாறியது என்ற கேள்வி இருக்கிறது. பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம் இது, மற்றவர்களுக்கு அந்தச் சபையில் இடம் என்ன என்ற கேள்வி இருக்கிறது. கல்வெட்டின் மொழி, கோயிலின் கட்டடம், இன்றைய ஊராட்சிச் சட்டத்தோடு ஒப்பீடு என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஐந்து நிமிடத்திலும் சொல்லலாம், ஐந்நூறு பக்கத்திலும் எழுதலாம். எதை விடுவது என்று தெரியாமல் ஒரு வரிகூட எழுத முடியாது. விடவேண்டியதைக் கேட்டவர்தான் சொல்லமுடியும். ஆனால் அவரிடம் நேராகக் கேட்டால் சொல்ல மாட்டார்.

"எவ்வளவு நீளம் வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். "நீங்க பாத்து எழுதுங்க சார்" என்று வரும். "யாருக்காக?" என்றால் "எல்லாருக்கும்தான்." "என்ன நோக்கம்?" என்றால் "ஒரு விழிப்புணர்வுதான் சார்." மூன்றும் மரியாதையான பதில்கள், மூன்றாலும் ஒரு பயனும் இல்லை. குறை பதில் சொல்பவரிடம் இல்லை. நீளம், வாசகர், நோக்கம் என்பதெல்லாம் எழுதுகிறவர்களின் கவலை. அவருக்குக் கவலை விழா நாள், பந்தல், மைக் செட், யார் தலைமை. அவருடைய உலகத்துக்குள் போய்க் கேட்டால் எல்லாப் பதிலும் அங்கே இருக்கும்.

அதனால் நான் முதலில் கேட்பது, "இது எங்கே வரப்போகுது?"

குடவோலைக் கட்டுரை கேட்டவர் ஒரு கிராமத்து நலச் சங்கத்தின் செயலாளர். உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரர்தான். அவரிடம் இதைத்தான் கேட்டேன்.

"அக்டோபர் ரெண்டு கிராம சபைக்கு சார்."

"அச்சடிச்சுக் குடுக்கப் போறீங்களா, யாராவது வாசிக்கப் போறாங்களா?"

"வாசிக்கத்தான். தீர்மானம் எல்லாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி."

இந்த இரண்டு பதிலில் பாதி வேலை முடிந்துவிட்டது. கண்ணால் படிக்கும் கட்டுரை இல்லை இது, காதால் கேட்பது. அப்படியென்றால் திரும்பிப் போய் முந்தைய வரியைப் பார்க்க வழியில்லை. எண்கள் வரிசையாக வந்தால் நிற்காது. நீண்ட வாக்கியத்தில் எழுவாய் எங்கே போயிற்று என்று கேட்பவர் தேட முடியாது. கேட்கிறவர்கள் யார் என்பதும் தெரிந்துவிட்டது: நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், விவசாயிகள், ஓய்வுபெற்ற ஓரிரு ஆசிரியர்கள், ஊராட்சிச் செயலர், வந்திருக்கும் அலுவலர்கள், மரத்தடியில் நிற்கும் இளைஞர்கள். "யாருக்காக?" என்று கேட்டிருந்தால் இந்தப் பட்டியல் கிடைத்திருக்காது. ஒரு கட்டுரை வரும் இடத்தைத் தெரிந்துகொண்டால் வாசகரும் நீளமும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்று யாராவது என்னைக் கட்டிப்போட்டால், இதைத்தான் கேட்பேன்.

நீளத்துக்குத் தனியாக ஒரு வழி உண்டு. கேட்காமல் நானே ஓர் அளவைச் சொல்லிவிடுவேன். "அப்போ அஞ்சு நிமிஷம் வாசிக்கிற மாதிரி எழுதுறேன், சரியா?" என்றேன். இதற்குமுன் நீளம் பற்றி எந்தக் கருத்தும் இல்லாதவராகத் தோன்றியவர் உடனே சொன்னார்: "அஞ்சா? வேணாம் சார், ஜனங்க சலசலன்னு ஆயிடுவாங்க. மூணு நிமிஷம் போதும்." கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம்கூட தவறான எண்ணைத் திருத்தும் அறிவு இருக்கிறது. அளவைச் சொன்னால்தான் அது வெளியே வரும். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தமிழில் போகும். மைக்கில், திறந்தவெளியில், நடுவே யாராவது குரல் கொடுத்தால் இன்னும் குறையும். ஆக 250 முதல் 280 சொல். அதற்குமேல் எழுதினால் வாசிப்பவர் வேகத்தைக் கூட்டுவார், கேட்பவர்களுக்கு எதுவும் போய்ச் சேராது.

அச்சில் வருவதாக இருந்தால் "ரெண்டு பக்கம்" என்று பதில் வரும். அதை அப்படியே நம்பக் கூடாது. ஏ4 தாளில் தட்டச்சு செய்தால் பக்கத்துக்கு முந்நூற்றைம்பது சொல் பிடிக்கும். சாதாரணப் புத்தக அளவுப் பக்கத்தில் இருநூறைச் சற்றுத் தாண்டும். பள்ளிக் கட்டுரை நோட்டில் ஒரு பக்கம் நூறுதான். எந்தப் பக்கம் என்று தெரியாத இரண்டு பக்கம் 200 சொல்லாகவும் இருக்கலாம், 700 ஆகவும் இருக்கலாம். போன வருட மலர் ஒன்றை வாட்ஸப்பில் படமெடுத்து அனுப்பச் சொன்னால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்தது நோக்கம். இதுதான் கடினம், இதில்தான் பொறுமை வேண்டும்.

"வாசிச்சு முடிச்சதும், கேட்டவங்க என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?"

"நம்ம ஊர்ப் பெருமை தெரியணும் சார். ஒரு விழிப்புணர்வு வரணும்."

"விழிப்புணர்வு வந்துடுச்சுன்னு வைங்க. மறுநாள் என்ன மாறியிருக்கும்?"

பதில் உடனே வரவில்லை. இந்த இடத்தில் எழுதுகிறவர் வாயைத் திறக்கக் கூடாது. நாமே நாலு யோசனை சொன்னால் அவர் அதில் ஒன்றுக்குத் தலையாட்டிவிடுவார், அது அவருடைய நோக்கமாக இருக்காது. மறுமுனையில் யாரோ கூப்பிட்டார்கள், "இருப்பா" என்றார், பிறகு சொன்னார்: "கணக்கைக் கேக்கணும் சார். கிராம சபையில கணக்குப் படிக்கிறாங்க, ஒருத்தரும் கேக்கிறதில்ல. கையெழுத்துப் போட்டுட்டு டீயைக் குடிச்சிட்டுப் போயிடுறாங்க."

கட்டுரை அந்த இடத்தில் கிடைத்தது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின் விலக்கு விதிகளில் முதலில் நிற்பவர்கள் யார் என்று பார்த்தால், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்கள். அவர்கள் மட்டுமில்லை. சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவர், தகப்பனோடு பிறந்தவர், மனைவியோடு பிறந்தவர், உடன்பிறந்தாளைக் கட்டியவர், மருமகன், தகப்பன், மகன் என்று கல்வெட்டு ஒவ்வோர் உறவாக எண்ணிக்கொண்டு போகிறது. இத்தனை பேர் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது. கணக்கைக் காட்டாத ஒருவனால் அவன் சுற்றமே பதவி வாய்ப்பை இழந்தது. உறவுமுறை எண்ணுவதில் கைதேர்ந்த கிராமத்து மக்கள் முன்னால் இந்தப் பட்டியலை வாசித்தால் ஒரே நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். அச்சில் படிக்கும்போது சலிப்பூட்டக்கூடிய இதே பட்டியல், குரலில் தாளத்தோடு வரும்.

ஊர்ப் பெருமை என்ற முதல் பதிலோடு நின்றிருந்தால் நான் எதை எழுதியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தேர்தல் நடத்திய மண் என்று தொடங்கி, பராந்தகன், குடம், ஓலை, சிறுவன், கைதட்டல். ஒரு வரியும் பொய்யில்லை. ஆனால் அந்தச் செயலாளருக்கு அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. வேறு பத்து மேடைகளில் வாசித்த அதே கட்டுரை பதினோராவது மேடையில் வந்திருக்கும்.

இந்த இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் கிடைத்துவிட்டதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. பதிலை வைத்துக்கொண்டு தலைப்பின் சரக்கில் எதை விடலாம் என்று முடிவெடுக்க முடிகிறதா? "விழிப்புணர்வு" என்பதை வைத்து எதையும் விட முடியாது, எல்லாமே விழிப்புணர்வுதான். "கணக்கைக் கேக்கணும்" என்பதை வைத்து வேதப் பயிற்சி பற்றிய விவரத்தையும், வயது மாறிய கதையையும், தோட்ட வாரியத்தையும், கோயில் கட்டடத்தையும் ஒரே மூச்சில் ஒதுக்கிவிட முடிந்தது. ஒதுக்க உதவாத பதில் வந்தால், இன்னும் கேட்கவேண்டியிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது கேள்வியை மூன்றாவதாகத்தான் கேட்கிறேன், சிலர் இதை முதலிலேயே கேட்பார்கள். "யார் வாசிக்கப் போறாங்க? அதுக்கு முன்னாடி யாராவது பாத்து ஓகே சொல்லணுமா?" அச்சுக் கட்டுரையானால், யார் பெயரில் வரும் என்று கேட்பேன். பலர் இதைச் சம்பிரதாயமான கேள்வி என்று நினைக்கிறார்கள். எனக்கு அனுபவத்தில் இதுதான் கட்டுரையின் குரலையே தீர்மானிக்கிறது.

"தலைவரம்மாவேதான் சார் வாசிக்கப் போறாங்க. அவங்கதான் உங்ககிட்டக் கேக்கச் சொன்னாங்க."

ஊராட்சி மன்றத் தலைவர், ஒரு பெண். கணக்குக் காட்டவேண்டிய இடத்தில் இருப்பவரே கணக்கைக் கேளுங்கள் என்று வாசிக்கப்போகிறார். இது தெரியாமல் எழுதியிருந்தால் கட்டுரை மக்களின் பக்கத்திலிருந்து தலைவரை நோக்கி விரல் நீட்டியிருக்கும். அதை அவர் வாயாலேயே வாசிக்கச் சொல்வது அவரையும் சங்கடப்படுத்தும், கூட்டத்தையும் குழப்பும். இப்போது "கேளுங்கள்" என்பதோடு "நான் காட்டுகிறேன்" என்பதும் சேரவேண்டும்.

இன்னொன்றும் மாறியது. உத்திரமேரூர் விதிகள் நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கானவை. இப்போது அந்தச் சபையின் வாரிசாகக் கூடும் ஒரு கிராம சபையில், முன்வரிசையில் உட்காரப்போகும் பெரும்பாலோர் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. ஊர்ப் பெருமைக் கட்டுரைகள் இதை விட்டுவிடுவது வழக்கம். இடம் போதாது என்று காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால், கேட்கிறவர்களின் முன்னோர்களை வெளியே நிறுத்திய சபையை அவர்கள் முன்னாலேயே குறையின்றிப் புகழ்வது மரியாதைக் குறைவு. ஒரு வரியாவது சொல்லவேண்டும். அதைப் பெண் தலைவர் ஒருவர் வாசிக்கும்போது அந்த வரி விளக்கமே இல்லாமல் நிற்கும். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993இல். அது உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது, தமிழ்நாட்டில் பிறகு அது 50 விழுக்காடாகியது. இதை எல்லாம் கட்டுரையில் எழுதவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. வாசிப்பவரே போதும்.

எழுதியதிலிருந்து நடுப்பகுதியை இங்கே தருகிறேன்:

"நம்ம பக்கத்து ஊர்க் கோயில் சுவரில் ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பு ஒரு விதி வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊர் வேலை பார்த்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடியும் பதவிக்கு வரக் கூடாது. அவர் மட்டுமா? அவர் அப்பா வரக் கூடாது. மகன் வரக் கூடாது. மருமகன் வரக் கூடாது. மச்சான் வரக் கூடாது. மாமன் மகன் வரக் கூடாது. அத்தை மகன் வரக் கூடாது. அந்தச் சபையில் என்னைப் போல ஒரு பெண் உட்கார்ந்திருக்க முடியாது. உங்களில் பலரும் உட்கார்ந்திருக்க முடியாது. இன்று உட்கார்ந்திருக்கிறோம். அவர்கள் விதியில் கெட்டதை விட்டுவிட்டோம், நல்லதை வைத்துக்கொள்வோம். இன்று கூட்டத்தில் படிவம் 30 வாசிக்கப்படும். அது நம் ஊராட்சியின் வரவு செலவு. புரியாத வரி வந்தால் கை தூக்குங்கள். நான் நிறுத்திச் சொல்கிறேன்."

இதில் பராந்தகன் பெயர் இல்லை. 919உம் இல்லை, 921உம் இல்லை. முப்பது குடும்பு இல்லை. குடமும் ஓலையும்கூட முன்பகுதியில் இரண்டே வரிதான். வரலாறு தெரிந்த நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, குடவோலைக் கட்டுரையில் குடவோலையே இல்லையே என்றார். அவருக்காக எழுதியிருந்தால் அவர் சொல்வது சரி. அவருக்கு விதிகளின் வரிசையும் இரண்டு கல்வெட்டுக்கும் உள்ள வேறுபாடும்தான் விருந்து. படிவம் 30 என்ற பெயரைச் சேர்த்ததற்குக் காரணம், என்ன கேட்பது என்று தெரியாததால்தான் பலரும் கேட்பதில்லை. தாளின் பெயர் தெரிந்தால் அந்தத் தாளைக் காட்டுங்கள் என்றாவது சொல்லமுடியும்.

இதே தலைப்பில் இன்னோர் அழைப்பும் வந்தது. எட்டாம் வகுப்புப் பெண்ணின் தாய். "குடவோலை முறை பத்திக் கட்டுரை வேணும் அண்ணா, பாப்பாவுக்கு." எங்கே என்றால் பள்ளிக் கட்டுரைப் போட்டி. கேட்டபோது ஒன்று புரிந்தது. வீட்டில் எழுதிக் கொண்டுபோவது இல்லை, பள்ளியில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் எழுதவேண்டும். அப்படியானால் நான் எழுதிக் கொடுக்கும் கட்டுரையை அந்தப் பெண் மனப்பாடம் செய்யவேண்டியிருக்கும். நாலு பக்கத்தை உருப்போட்டு நடுவில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் போய்விடும். இந்தத் தாய்க்குத் தேவை கட்டுரையே இல்லை. குறிப்புகள் போதும்: ஊர், கோயில், அரசன், ஆண்டு, 30 குடும்பு, தகுதிகளில் மூன்று, விலக்குகளில் மூன்று, ஓலை எடுத்த விதம். முன்னுரைக்கு ஒரு யோசனை. மீதியை அவளே எழுதினால்தான் திருத்துகிற ஆசிரியருக்கும் பிடிக்கும், அவளுக்கும் நினைவில் நிற்கும். அந்தப் பெண்ணிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, இதில் உனக்கு எது வேடிக்கையாக இருக்கிறது என்று கேட்டேன். "சின்னப் பையனை எதுக்கு எடுக்கச் சொன்னாங்க?" என்றாள். அதையே முதல் வரியாக எழுது என்றேன். கூட்டத்தின் நடுவே, உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத ஒரு பிள்ளையைத்தான் கல்வெட்டு கேட்கிறது. ஆகவே அவளுடைய கேள்விக்கு விடை கல்வெட்டிலேயே இருந்தது, அங்கிருந்து மற்ற விதிகளுக்கு வழியும் இருந்தது.

எங்கே வரப்போகிறது என்ற முதல் கேள்வி சில நேரம் இப்படி, கேட்டது ஒன்று, தேவைப்படுவது வேறொன்று என்பதைக் காட்டிக்கொடுக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் இதே தலைப்பைக் கேட்டால் அவருக்கு வேண்டியது ஒரு பக்கத்தில் எண்களும் பெயர்களும். கோயிலுக்கு வருகிறவர்களுக்குத் துண்டறிக்கை என்றால் நூறு சொல்லில் எந்தச் சுவரில் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதுதான் முதல் செய்தி. இவற்றை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

எதைக் கேட்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாமே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியதைக் கேட்கக் கூடாது. ஒரு மாத இதழுக்கு என்றால் அதன் பழைய இதழ் மூன்றைப் புரட்டினால் நீளம், நடை, வாசகர் எல்லாம் தெரிந்துவிடும். ஆசிரியரிடம் "எவ்வளவு நீளம் சார்" என்று கேட்பது அவர் இதழை நாம் பார்த்ததேயில்லை என்று சொல்வது போலாகும். எழுதுகிறவர் முடிவெடுக்கவேண்டியதையும் கேட்கக் கூடாது. உள்தலைப்பு வைக்கலாமா, எதில் தொடங்கலாம், மேற்கோள் வேண்டுமா என்றெல்லாம் கேட்டால் அவர் ஏதோ ஒன்றைச் சொல்லவேண்டுமே என்று சொல்வார். சொன்னபிறகு அது விதியாகிவிடும். "திருக்குறள்ல ஆரம்பிங்க" என்று சும்மா சொன்ன ஒரு வார்த்தைக்காகப் பொருந்தாத குறளைத் தலையில் தூக்கிக்கொண்டு திரியும் கட்டுரைகள் எத்தனையோ. பட்டியல் போட்டுப் பத்துக் கேள்வி அனுப்புவதும் வேண்டாம். அனுப்பினால் மூன்றுக்குப் பதில் வரும். அந்த மூன்றும் எளிதானவையாக இருக்கும், நோக்கம் பற்றிய கேள்வி விடுபட்டிருக்கும்.

"எல்லாருக்கும்" என்ற பதிலிலேயே ஒருவர் உறுதியாக நின்றால் என்ன செய்வது? மலர்களில் இது நடக்கும், ஏனென்றால் மலர் உண்மையிலேயே எல்லோர் கைக்கும் போகிறது. அப்போது ஒரு மாற்றுக் கேள்வி கைகொடுக்கிறது: "யார் படிக்காமப் போயிட்டா உங்களுக்கு வருத்தமா இருக்கும்?" நன்கொடை கொடுத்தவர்கள் என்று ஒருவர் சொல்வார், எங்க ஊர்ப் பசங்க என்று இன்னொருவர் சொல்வார். நன்கொடையாளர் என்றால் சென்னையிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்து படிக்கும் ஐம்பது வயதுக்காரர், ஊரை விட்டுப் போய் நாளானவர். அவருக்கு ஏரிக்கரையும் கோயில் மதிலும் எழுத்தில் வரவேண்டும். ஊர்ப் பசங்களுக்கு அதை விவரிக்க வேண்டாம், தினமும் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான்.

கேட்கவே வழியில்லாத சமயங்களும் உண்டு. யாரோ ஒருவர் வழியாக வாட்ஸப்பில் தலைப்பு மட்டும் வரும். அனுப்பியவருக்கும் ஒன்றும் தெரியாது. கேட்டவர் போனை எடுக்கமாட்டார், நாள் நெருங்கிவிடும். அப்போது பதில்களை நானே வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஆனால் என்ன வைத்துக்கொண்டேன் என்பதைக் கட்டுரைக்கு மேலேயே எழுதிவிடுகிறேன். இப்படி:

"விழா மலரில் புத்தக அளவில் இரண்டு பக்கம், உள்ளூர் வாசகர்களுக்கு, படித்தவர்கள் ஒருமுறை போய்க் கல்வெட்டைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணத்தில் எழுதியிருக்கிறேன். மேடையில் வாசிப்பதாக இருந்தால் சொல்லுங்கள், அதற்கு வேறு மாதிரி எழுதவேண்டும்."

ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாத மனிதர் இந்த நான்கு வரியைப் பார்த்ததும் பதில் போடுவார். "சார், இது மேடைக்குத்தான்" என்று வரும், அல்லது "சரி" என்று வரும். எதுவும் வராவிட்டாலும் கட்டுரையை எடுத்துப் பயன்படுத்துகிறவருக்கு அது எதற்குப் பொருந்தும் என்பது தெரிந்திருக்கும். இந்த மாதிரி நேரங்களில் சிறியதாகவே எழுதுகிறேன். 400 சொல் கட்டுரையைப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்று கேட்பார்கள், எதை இன்னும் கொஞ்சம் என்றும் சொல்வார்கள். 2000 சொல் கட்டுரையைப் பார்த்து எதை வெட்டவேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அச்சகத்தில் இடம் போதாமல் கடைசிப் பத்தியை எடுத்துவிடுவார்கள், அந்தப் பத்தியில்தான் கணக்குக் காட்டாதவனைப் பற்றிய விதி இருந்திருக்கும்.

தொலைபேசிப் பேச்சு நன்றாக நடந்து மூன்று கேள்விக்கும் விடை கிடைத்தாலும், எழுதத் தொடங்கும் முன் அதே மாதிரி இரண்டு வரி அனுப்பிவைக்கிறேன். கிராம சபைக் கட்டுரைக்கு அனுப்பியது: "மூன்று நிமிடம், தலைவரம்மா வாசிக்கிறார்கள், முடிவில் மக்கள் கணக்கைக் கேட்கவேண்டும்." செயலாளர் அதைத் தலைவருக்குக் காட்டியிருக்கிறார். அவரிடமிருந்தே அழைப்பு வந்தது.

"அண்ணா, கணக்கு மட்டும் இல்ல. போன தடவை போட்ட தீர்மானம் என்ன ஆச்சுன்னும் கேக்கச் சொல்லுங்க. அதைத்தான் யாரும் கேக்குறதே இல்ல."

அந்த வரியையும் சேர்த்து எழுதினேன். 270 சொல் வந்தது.